‘நன்றாக இருந்தது தம்பி’ என்ற பதிலை நம்பிய ஒன்றரை வருடம்

கோண்டாவிலில் ஓர் அந்தியேட்டி வீட்டில் மதியபோசனம் முடிந்து கை கழுவிவிட்டு வந்தபோது, வாசலில் நின்ற பையன் ஒருவன் இறந்தவரின் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகத்தைக் கையில் தந்தான். எங்கே போனாலும் இந்தப் புத்தகங்களைப் பின்பக்கத்திலிருந்து திறப்பதுதான் என் பழக்கம். யார் வடிவமைத்தது, எந்த அச்சகம் என்று பார்த்துவிட்டுத்தான் முன்னட்டைக்கு வருவேன். அன்று பின்னட்டையில் வேறொருவர் பெயர் இருந்தது. அதில் ஒன்றுமில்லை. ஆனால் நன்றி நவிலல் பக்கத்தில் இருந்த பெயரைக் கண்டதும் பாயாசம் குடித்த வாய் கசந்தது. அந்த அண்ணை என் வாடிக்கையாளர். ஒன்றரை வருடத்துக்கு முன் அவருடைய அப்பாவின் புத்தகத்தைச் செய்தவன் நான். இது அவருடைய பெரியம்மாவின் புத்தகம். என்னைக் கூப்பிடவில்லை.

கொக்குவிலில் வீட்டின் முன்னறையில் இருந்து பக்க வடிவமைப்புச் செய்கிறேன். ஓர் அச்சகத்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு 2021இல் தனியாக வந்தேன். நினைவு மலர்கள்தான் எனக்குச் சோறு போடுபவை. பாடசாலை மலர், கோவில் விஞ்ஞாபனம், திருமண அழைப்பிதழ் எல்லாம் இடையில் வரும். நினைவு மலருக்கு ஒரு குணம் உண்டு. அதன் கடைசி நாளை ஒருவராலும் தள்ளிவைக்க முடியாது. முப்பத்தோராம் நாள் காலை கீரிமலையில் கிரியை முடித்து, வீட்டுக்கு வந்து, சனம் சாப்பிட்டு எழும்பும்போது புத்தகம் வாசலில் இருக்க வேண்டும். முப்பத்திரண்டாம் நாள் வந்தால் அது வெறும் காகிதம்.

அந்த அண்ணையின் அப்பாவுடைய புத்தகம் 2022 ஏப்ரலில் வந்த வேலை. அந்தப் பொருளாதார நெருக்கடி மாதங்கள் நினைவிருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்வெட்டு, காகிதத் தட்டுப்பாடு, மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் இல்லை. நாற்பத்தெட்டுப் பக்கம், முந்நூறு பிரதி. மின்சாரம் இருந்த நேரங்களில் மட்டும் கணினியில் இருந்து, இரவு இரண்டு மணிக்கு எழும்பி வேலை செய்து, சைக்கிளில் அச்சகத்துக்குப் போய், அட்டைக்கு ஏற்ற காகிதத்தை மூன்றாவது கடையில் பிடித்து, முப்பதாம் நாள் இரவு பன்னிரண்டு மணிக்குப் புத்தகக் கட்டுகளை அவர்கள் வீட்டில் இறக்கினேன். எனக்கு அது ஒரு வெற்றி. அந்த நிலைமையில் வேறு யாரால் முடியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு கிழமை கழித்து மிச்சக் காசு வாங்கப் போனபோது, “புத்தகம் எப்படி அண்ணை?” என்று கேட்டேன். “நன்றாக இருந்தது தம்பி. எல்லாரும் வடிவு என்று சொன்னார்கள்” என்றார். தேநீர் தந்தார். நான் சந்தோஷமாக வந்துவிட்டேன்.

கோண்டாவிலில் இருந்து திரும்பிய பிறகு இரண்டு நாள் மனம் ஆறவில்லை. அந்த அண்ணையிடம் நேரே கேட்க வெட்கம். கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்காவை, என் அம்மாவுக்குத் தெரிந்தவர், நல்லூர்க் கோவில் வீதியில் கண்டபோது மெல்ல எடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “புத்தகத்தில் ஒரு குறையும் இல்லைத் தம்பி. ஆனால் அன்று இரவு அந்தப் பிள்ளைகள் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். உங்களுக்குப் போன் எடுத்தால் வேலை செய்யவில்லையாம். கனடாவில் இருக்கிற தங்கச்சி மணிக்கொரு தடவை எடுத்து, வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று அழுகிறாள். அந்த இரவை அவர்கள் மறக்க மாட்டார்கள்.”

என் கைபேசியில் அன்று சார்ஜ் இல்லை. காரணம் உண்மையான காரணம்தான். ஆனால் காகிதம் கிடைக்கவில்லை, இன்று இரவுதான் கட்டி முடியும் என்று ஒரு வரி யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நான் ‘புத்தகம் எப்படி’ என்று கேட்டேன், அவர் புத்தகத்தைப் பற்றி உண்மையைச் சொன்னார். பிழை அவருடைய பதிலில் இல்லை, என் கேள்வியில் இருந்தது. அவர்களுக்கு வலித்தது புத்தகம் அல்ல, அது வருமுன் கழிந்த முப்பது நாட்கள். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவே இல்லை.

பிறகு கொப்பியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அந்தக் குடும்பத்தாலும் அவர்கள் ஒழுங்கையாலும் எனக்கு வந்திருக்க வேண்டிய வேலைகள் எனக்குத் தெரிந்து மூன்று: பெரியம்மாவின் புத்தகம், அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு சிறு வெளியீடு, பக்கத்து வீட்டில் ஒரு திருமண அழைப்பிதழ். அச்சுச் செலவை விட்டு என் கூலி மட்டும் கணக்கிட்டால் 52,000 ரூபாய். எனக்குத் தெரியாமல் போனவை எத்தனையோ. இந்தத் தொழிலில் ஒரே ஆள் இரண்டாம் முறை வருவது குறைவு. வருவது அவர் வாயால் கேட்ட இன்னொருவர்தான். அதனால்தான் அவர் வாயில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அடுத்து நான் செய்தது இன்னொரு முட்டாள்தனம். கூகிளில் ஒரு படிவம் தயாரித்தேன். பதினான்கு கேள்விகள். வடிவமைப்பின் தரம், எழுத்தின் தெளிவு, சேவையின் வேகம், விலையின் நியாயம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி. அதை அழகுபடுத்துவதில் இரண்டு மாலைகள் போயின. பழைய வாடிக்கையாளர் பதினொரு பேருக்கு அனுப்பினேன். இரண்டு பேர் நிரப்பினார்கள். இருவரும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தார்கள். ஒருவர் அதைத் தன் மகளைக் கொண்டு நிரப்பியதாகப் பிறகு சொன்னார். நம் ஆட்களிடம் புள்ளி கேட்பது, பந்தியில் நின்று ‘சாப்பாடு எப்படி’ என்று கேட்பதைப் போன்றது. மூன்று போட்டால் உங்களை அவமதித்ததாக அவர்களுக்குப் படும். ஐந்து போட்டுவிட்டு அடுத்த முறை வேறு கடைக்குப் போவதுதான் அவர்களுடைய மரியாதை. அந்த மூன்றையே ஒருவர் போட்டாலும் எனக்கு என்ன தெரியும்? எந்த நாள், எந்தப் பக்கம், எந்த எழுத்து என்று அந்த இலக்கம் சொல்லாது.

இரண்டாவது முயற்சியில் கேள்வியைச் சுருக்கினேன், ஆனால் நாளைப் பிழையாகப் பிடித்தேன். ஒரு வீட்டில் முப்பத்திரண்டாம் நாள் காலையில், ‘எங்கள் வேலையில் உங்களுக்குப் பிடிக்காதது எது?’ என்று செய்தி அனுப்பினேன். அந்த வீட்டு அம்மா போன் எடுத்து, “தம்பி, நேற்றுத்தான் என் மனுசனுடைய எல்லாம் முடிந்தது. இன்றைக்குப் பிடித்தது பிடிக்காதது கேட்கிறீர்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்த குரலில் சொன்னார். அது இன்னும் மோசம். இப்போது நாற்பத்தைந்தாம் நாளை ஒட்டித்தான் கேட்கிறேன். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் அநேகமாகத் திரும்பிப் போயிருப்பார்கள், வீடு கொஞ்சம் அடங்கியிருக்கும், நடந்ததும் மறந்திருக்காது. பாடசாலை மலர் போன்ற வேலைகளுக்கு இந்தக் காத்திருப்புத் தேவையில்லை. விழா முடிந்த ஐந்தாறு நாளில் கேட்டுவிடுகிறேன். ஒரு மாதம் விட்டால் பொறுப்பாசிரியருக்கு அடுத்த விழாதான் தலையில் நிற்கும்.

இன்று நான் கேட்பவை மூன்றே கேள்விகள். ஒரே நாளில் வந்தவை அல்ல, ஒவ்வொன்றும் ஓர் அடி வாங்கி வந்தது. முதலாவது, படலையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இரவிலிருந்து பிறந்தது: வேலை நடந்த நாட்களில் எந்த நாளிலாவது ‘என்ன ஆயிற்றோ, ஏன் சத்தமே இல்லை’ என்று நினைத்தீர்களா, அது எப்போது? இதற்குக் குறை சொல்லத் தேவையில்லை. ஒரு நாளைச் சொன்னால் போதும். அந்த நாளை என் கொப்பியில் தேடினால் நான் அன்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது: புத்தகத்தைக் கையில் வாங்கியவர்களில் யாராவது அதைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தன் வாயால் குறை சொல்லக் கூசுகிறவர், ‘கொழும்பு மாமா இப்படிச் சொன்னார்’ என்று சொல்லக் கூச மாட்டார். சில வேளைகளில் அந்த மாமாவே இருக்க மாட்டார், அது அவருடைய சொந்தக் கருத்துத்தான். இருக்கட்டும், எனக்குக் கருத்து வந்தால் போதும். மூன்றாவது: உங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு இப்படியொரு புத்தகம் செய்ய வேண்டி வந்தால், முன்கூட்டியே எதைத் தேடி வைக்கச் சொல்வீர்கள்? அவர்கள் எங்கே திண்டாடினார்கள் என்பது இதில் வெளிவரும். என்னைத் திட்டாமலே என் தொடக்க வேலையின் ஓட்டையைக் காட்டிவிடுவார்கள்.

செய்தியை இப்படித்தான் அனுப்புகிறேன்: “வணக்கம் அக்கா. அம்மாவின் புத்தகம் பற்றி மூன்று சின்ன விடயங்கள் கேட்க வேண்டும். அடுத்து வருகிற வீட்டுக்காரருக்கு வேலையைச் சரியாகச் செய்யத்தான் கேட்கிறேன். வசதியான நேரத்தில் குரல் பதிவாகவே சொல்லலாம், எழுதத் தேவையில்லை.” அதன் கீழே மூன்று கேள்வியும் ஒவ்வொரு வரியில். ‘அடுத்த வீட்டுக்காரருக்கு’ என்ற சொல்லைச் சேர்த்த பிறகு பதில்கள் நீண்டன. எனக்குக் குறை சொல்வதாக இல்லாமல், இன்னொருவருக்கு உதவுவதாக அது மாறிவிடுகிறது. குரல் பதிவு என்பதையும் விட்டுவிடாதீர்கள். அறுபது வயதுக்காரரைக் கைபேசியில் தமிழ் தட்டச்சுச் செய்யச் சொன்னால் ‘நன்று, நன்றி’ என்ற இரண்டு சொல்தான் வரும். அதே ஆள் பேசினால் நான்கு நிமிடம் பேசுவார்.

ஒரு பதிலை முழுதாகச் சொல்கிறேன். 2024 தொடக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் புத்தகம். மகள்தான் எல்லாம் பார்த்தார். அவருடைய குரல் பதிவு நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். முதற் கேள்விக்கு இருபத்துநான்காம், இருபத்தைந்தாம் நாட்களைச் சொன்னார். மெய்ப்பில் திருத்தங்களைச் சிவப்புப் பேனாவால் போட்டு, படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் என்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. திருத்தம் வந்து சேரவில்லையோ, பழையபடியே அச்சுக்குப் போய்விடுமோ என்று நித்திரை இல்லையாம். கொப்பியைப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் நான் அவருடைய திருத்தங்களைத்தான் செய்துகொண்டிருந்தேன்! வீட்டார் பாமினி எழுத்துருவில் தட்டித் தந்த கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றியதில் சில எழுத்துகள் குழம்பி, வரி வரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அது மும்முரமான வேலை, அவருக்கு அது மௌனம். இப்போது திருத்தம் வந்த உடனே ஒரு வரி போடுகிறேன்: ‘31 திருத்தங்கள் கிடைத்தன, அடுத்த மெய்ப்பு வியாழன் மாலை வரும்.’ எண்ணிச் சொல்வதில் ஒரு பயன் உண்டு. அவர் அனுப்பியது 32 என்றால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இரண்டாம் கேள்விக்கு, வம்சாவளிப் பக்கத்தைச் சித்தப்பா ஒருவர் கண்ணாடி போட்டும் வாசிக்க முடியவில்லை என்று சொன்னதாகச் சொன்னார். எடுத்துப் பார்த்தால், தொண்ணூற்றுச் சொச்சம் பெயர்களை ஒரே பக்கத்தில் அடைக்க எட்டுப் புள்ளி எழுத்துப் போட்டிருக்கிறேன். கணினியில் பெரிதாக்கிப் பார்க்கிற எனக்கு அது தெரியவில்லை. அந்தியேட்டிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முதியவர்கள், அவர்கள் முதலில் தேடுவதே தங்கள் பெயர் இருக்கிற அந்தப் பக்கத்தைத்தான். இப்போது வம்சாவளியை இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் விரித்துப் பதினொரு புள்ளியில் போடுகிறேன். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் இந்த ஒரு பக்கத்துக்காக வேறொன்றைச் சுருக்க வேண்டி வரும். அதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் கேள்விக்கு அவர் சொன்னது படங்கள். நான்கு நாடுகளில் இருக்கும் சகோதரர்களிடம் வாங்க மூன்று கிழமை ஆனதாம். வந்தவையும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியதால் சுருங்கி, அச்சில் மங்கிப் போனவை. இப்போது வேலை பேசிய அன்றே ஒரு குறிப்பு அனுப்புகிறேன், அவர்கள் குடும்பக் குழுவில் அப்படியே போட்டுக்கொள்ளலாம்: படங்களை டாக்குமெண்டாக அனுப்பவும், இந்தத் தேதிக்குள் அனுப்பவும்.

காசு விடயத்தில் ஓர் எச்சரிக்கை. மிச்சக் காசு கைக்கு வருமுன் இந்தக் கேள்விகளைக் கேட்காதீர்கள். ஒருமுறை கணக்கையும் கேள்விகளையும் ஒரே செய்தியில் அனுப்பினேன். அட்டை நினைத்ததைவிட இருட்டாக வந்துவிட்டது என்று பதில் வந்தது, கூடவே 8,000 ரூபாய் குறைக்கச் சொல்லி. அவர் சொன்னது பொய்யல்ல. திரையில் ஒளிர்கிற படம் மைக்கு மாறும்போது இருளத்தான் செய்யும். ஆனால் அவர் சொன்னது எவ்வளவு உண்மை, எவ்வளவு பேரம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. காசையும் குறைத்தேன், பதிலையும் இழந்தேன். காசு முழுதாக வாங்கிய பிறகு கேட்டால் சொல்கிறவருக்கு அதில் ஓர் இலாபமும் இல்லை, வருவது வெறும் விடயம்தான்.

பதில் வந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. தொடக்கத்தில் ஒருவர் சொன்ன குறைக்கு, அச்சகத்தில் என்ன நடந்தது, காகிதம் எப்படி வந்தது என்று பெரிய விளக்கம் எழுதி அனுப்பினேன். ‘பரவாயில்லைத் தம்பி’ என்று பதில் வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை. இப்போது இரண்டு வரிதான்: சொன்னதற்கு நன்றி, இனி இதை இப்படிச் செய்யப் போகிறேன். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அவர்கள் ஏதாவது நல்ல சொல் சொல்லியிருந்தால் அதை எடுத்து விளம்பரத்தில் போடவும் ஆசை வரும். அதைத் தனியாக, இன்னொரு நாளில் கேட்டுத்தான் போட வேண்டும். இறந்தவரின் படம் உள்ள அட்டையை நான் போடுவதே இல்லை.

சொன்னதையெல்லாம் செய்யவும் கூடாது. இதுவரை பத்தொன்பது பேரிடம் கேட்டு, பன்னிரண்டு பேர் பதில் தந்தார்கள். ஒருவர் அட்டையில் தங்கநிற எழுத்து வேண்டும் என்றார், இன்னொருவர் தேவாரப் பக்கமே வேண்டாம் என்றார். குறித்து வைத்தேன், அவ்வளவுதான். ஆனால் ‘இரண்டு நாள் சத்தமில்லை’ என்பதைப் பன்னிரண்டில் ஐந்து பேர் வெவ்வேறு சொற்களில் சொன்னார்கள். அதை ரசனை என்று தள்ள முடியாது. பேசாமல் விட்ட ஏழு பேரையும் திருப்தியானவர்கள் என்று நான் எண்ணுவதில்லை. கோண்டாவில் வாசல் அந்த நினைப்பைத் தீர்த்துவிட்டது.

இன்னொன்று, யாரிடம் கேட்பது. முற்றத்தில் நின்று வேலையைப் பார்த்தவர் அண்ணை, காசு அனுப்பியவர் ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கச்சி. இருவருடைய பதிலும் ஒன்றாக இருப்பதில்லை. கிட்ட இருக்கிறவருக்கு என் முகம் தெரியும், சைக்கிளில் வந்தது தெரியும், மன்னித்துவிடுவார். தூரத்தில் இருப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் கைபேசித் திரை மட்டும். இப்போது இருவரிடமும் தனித்தனியே கேட்கிறேன், குடும்பக் குழுவில் கேட்பதில்லை. குழுவில் மூத்தவர் ‘நன்று’ என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கனடாவுக்கு அனுப்புவதென்றால் இங்கே இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்புகிறேன். அங்கே அப்போதுதான் காலை, நித்திரையைக் கெடுத்தவன் என்ற பெயர் வராது.

நேற்று இரவு அப்படி ஒரு பதில் வந்தது, இருபது விநாடிதான். “எல்லாம் சரி அண்ணா. நடுப்பக்கத்தில் அப்பாவின் பெரிய படம் போட்டிருந்தீர்கள் அல்லவா, புத்தகத்தைக் கட்டிய கம்பி சரியாக அவருடைய நெற்றியில் குத்தியிருக்கிறது. அம்மா அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை என்று தம்பி சொன்னான்.” அலுமாரியில் இருந்த என் பிரதியை எடுத்து நடுவில் விரித்தேன். இரண்டு கம்பிகளில் மேலே உள்ளது, திருநீற்றுக்கு அரை விரற்கடை மேலே, தோலுக்குள் இறங்கியிருந்தது. திரையில் அந்தப் பக்கத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன், அங்கே கம்பி இல்லை. இரண்டு வரிப் பதிலை இன்னும் எழுதவில்லை. அச்சகத்துக்குப் போன் எடுத்து மிச்சப் பிரதிகள் எத்தனை இருக்கின்றன, கம்பியைக் கழற்றி நூலால் தைக்க என்ன எடுப்பார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.